ஏழில் நான்கு போக

அலுவலகத்தில் அவளுக்கு 'எங்கே இருக்கு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் சும்மா கிடந்தது. சீனச் செய்தித் தலைப்புகளை ஆங்கிலமாக்கும் அந்த மூன்றாம் மாடி அறையில் யார் எந்தச் சொல்லை எழுதினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது எங்கே இருக்கு?" என்று கேட்பாள். மூலத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்டமுடியாவிட்டால் அந்தச் சொல் காலி.

பிறவிக் குணம் இல்லை இது, பட்ட பாடு. முன்பு ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். சீனப் பொறியாளர் ஒருநாள் "சத்தம் வருது" என்றதை, இவள் "பழுதாயிடுச்சு" என்று சொல்லிவைத்தாள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி அக்கக்காகப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை இருபது வருஷமாகியும் மறக்கவில்லை. இப்போது வீட்டில்கூட, மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று யாராவது கேட்டால், "எழுதிட்டு வந்துட்டா" என்பாள். "நல்லா எழுதினாளான்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டா" என்று கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

சீனத் தலைப்பு இருக்கிறதே, அது மகா கஞ்சன். ஒரு கப்பலா பல கப்பலா, சொல்லாது. நேற்று நடந்ததா இப்போது நடக்கிறதா, சொல்லாது. யார் சொன்னது என்பதையும் முழுங்கிவிடும். ஆங்கிலமோ இதையெல்லாம் கேட்டுக் குடையும். அந்த இடைவெளியில்தான் ஆளாளுக்குத் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கொட்டுவதில் முதல் ஆள் அந்தச் செய்தி டெஸ்க்கின் தலைவர். இவளைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல மனிதர், அவசரக் குடுக்கை.

அன்று காலை பத்தேகாலுக்குப் பத்து எழுத்தும் இரண்டு எண்ணுமாக ஒரு தலைப்பு வந்து விழுந்தது. சரக்குக் கப்பல் மூழ்கல், ஏழு பேர் நீரில், நால்வர் மீட்பு. அவ்வளவுதான். கீழே செய்தி இல்லை. இவர்களுடையது தலைப்புச் சேவை. பத்து நிமிஷத்துக்குள் சந்தாதாரர்களின் கைப்பேசிக்குப் போய்விட வேண்டும்.

அவள் தங்கையின் கணவர் சீனக் கடல்பக்கம் ஓடும் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். மூன்று நாளாகப் பேச்சு மூச்சில்லை.

கப்பல் மூழ்கியது, ஏழு பேர் நீரில் விழுந்தனர், நால்வர் மீட்கப்பட்டனர் என்று ஆங்கிலத்தில் அடித்தாள். ஒரு கப்பல்தான் என்பதற்குக்கூட மூலத்தில் உறுதி இல்லை. ஆங்கிலம் கப்பலுக்கு எண்ணிக்கை கேட்டே தீரும் என்பதால், இந்த ஒரு ஊகத்தைப் பக்கத்துக் குறிப்பில் எழுதிவைத்தாள். பிறகு அவளை அறியாமலே விரல் இன்னொரு துண்டைச் சேர்த்தது: மற்றவர்களைத் தேடும் பணி நடக்கிறது.

எங்கே இருக்கு?

அவளே அவளைக் கேட்டாள். எங்கேயும் இல்லை. தேடுகிறார்கள் என்று அவள் மனசு சொன்னது, தலைப்பு சொல்லவில்லை. அழித்தாள். அழிக்கும்போது எரிச்சலாக வந்தது, தலைப்பின் மேலேயும், தன் மேலேயும்.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த தலைவர், "அக்கா, மூணு பேர் செத்துட்டாங்கன்னு போடுங்க. ஏழுல நாலு போனா மூணுதானே?" என்றார்.

"கணக்கு சரி சார். செத்தது எங்கே இருக்கு?"

"அப்போ காணோம்னாவது போடுங்க."

"காணோம்னு யாரு சொன்னா? நீந்திக் கரையேறி உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு படகுல ஏறியிருக்கலாம். தலைப்புல நாலு பேரோட முடிஞ்சுபோச்சு, நானும் அங்கேயே முடிக்கிறேன்."

"படிக்கிறவன் கேட்பானே, மீதி எங்கேன்னு!"

"கேட்கட்டுமே! எனக்குத் தெரிஞ்சா நானே முதல்ல ஓடிப்போய்ச் சொல்லியிருக்கமாட்டேனா?"

குரல் உடைந்ததில் அவர் திடுக்கிட்டு நகர்ந்துபோனார். தலைப்பு அவள் எழுதியபடியே போனது. இரண்டாவது நிமிஷம், அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் தங்கை அழைத்தாள்.

"அக்கா, அது அவரு கப்பலா?"

"பேரு போடலைடி."

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"போடலைன்னா போடலைதான். இல்லைன்னும் சொல்லமுடியாது, ஆமான்னும் சொல்லமுடியாது."

"நீயெல்லாம் ஒரு அக்காவா!" என்று தங்கை போனை வைத்துவிட்டாள். இவளுக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அது உருண்டு தலைவரின் காலடிக்குப் போனது. அவர் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

பதினொன்றரைக்கு இரண்டாவது தலைப்பு வந்தது. மூழ்கிய கப்பல், மற்ற மூவர் கண்டுபிடிப்பு. ஏழு எழுத்து, ஒரு எண். அவள் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் தலைவர் தாமே முந்திக்கொண்டு அனுப்பியிருந்தார். 'ஃபவுண்ட்' என்று வரவேண்டிய இடத்தில் 'ரெஸ்க்யூட்' என்று நின்றது. மூவரும் மீட்கப்பட்டார்களாம்.

"நல்ல சேதி அக்கா!" என்றார் வாயெல்லாம் பல்லாக. உண்மையில் அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்திருந்தார். அதற்குமேல் என்னவென்று திட்டுவது?

"ஐயோ சார்! கண்டுபிடிச்சாங்கன்னுதானே இருக்கு? உயிரோடவா இல்லையான்னு எங்கே இருக்கு?"

போன் அடித்தது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "பார்த்தியா? நீ சொல்லாட்டி என்ன, உன் ஆபீஸ் சொல்லிடுச்சு! எல்லாரும் பிழைச்சுட்டாங்க! அவரு கப்பலாவே இருந்தாலும் இனி கவலை இல்லை!"

பொய்யான சந்தோஷம் என்றாலும் சந்தோஷம்தானே, ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "இல்லைடி," என்றாள். "கண்டுபிடிச்சுட்டாங்கன்னு மட்டும்தான் சீனத்துல இருக்கு. மீட்டாங்கன்னு எங்க ஆள் தப்பாப் போட்டுட்டாரு. இப்போ திருத்தப்போறேன்."



"என் புருஷன் உயிரோட இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா அக்கா?"

அவள் போனை வைத்துவிட்டுத் திருத்தத்தை அனுப்பினாள். மூவர் கண்டுபிடிக்கப்பட்டனர், முந்தைய வரி தவறு. தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நல்லதைக்கூடச் சொல்லவிடமாட்டீங்க" என்று முணுமுணுத்தார்.

ஒன்று ஐந்துக்கு மூன்றாவது தலைப்பு. மூழ்கிய கப்பலின் மூவருக்கும் உயிர் அறிகுறிகள் இல்லை.

தலைவர் மெதுவாக, "செத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? காலையில நான் சொன்னது சரியாப் போச்சு" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை பாவம், வாயில் வந்ததைச் சொன்னார்.

"உயிர் அறிகுறி இல்லைன்னு எழுதியிருக்கான், அதையே எழுதுறேன்" என்றாள். எழுதினாள். அனுப்பினாள். கப்பலின் பெயர் அதிலும் இல்லை.

இரண்டு மணிக்குத் தங்கை அழைத்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"அவரு பேசிட்டாரு அக்கா. வேற துறைமுகத்துல நிக்குதாம் கப்பல். போன் தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சாம், அறிவுகெட்ட மனுஷன்." சிரிக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள். "அக்கா, மீட்டாங்கன்னு உங்க ஆபீஸ் போட்டுச்சே, அதை நான் நாலு பேருக்கு அனுப்பிட்டேன். வேற கப்பல்ல போற இவரு கூட்டாளிங்க வீட்டுக்கெல்லாம். அதுல ஒருத்தி, அவ புருஷன் எந்தக் கப்பல்னு இன்னும் தெரியலையாம். கடவுள் காப்பாத்திட்டாருன்னு எனக்கு பதில் போட்டிருக்கா."

"திருத்தம் வந்துச்சே, அதை அனுப்பினியா?"

"இல்லை. உன் மேல கோவத்துல அனுப்பலை."

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அவளுக்கு என்னன்னு சொல்றது அக்கா?"

அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டாள். "அவ நம்பரைக் கொடு" என்றாள்.