நாலு பவன் காப்பு

கொட்டாரத்தில் மாமா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட உருப்படியாக இல்லை. கொல்லாமரத்தில் ஏறி எல்லாவற்றையும் உடைத்திருந்தேன். அம்மாவுக்கு அது பிறந்த வீட்டுக் கல்யாணம். மகளை வெறுங்கையோடு கூட்டிப் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல் என்று இரண்டு நாள் அடுக்களையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் வழியாக அது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆச்சி தன் மரப்பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த இரண்டு காப்புகளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தாள். தாத்தா இறந்த அன்று கழற்றியவை. சுண்டுவிரல் பருமன் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அவற்றுக்கு 'நாலு பவன் காப்பு' என்றே பெயர். ஆச்சியின் கல்யாணத்தன்று அவளுடைய அப்பா சபை நடுவில் தராசு வைத்து நிறுத்துக் காட்டினாராம். நான் கேட்டு வளர்ந்த கதைகளில் ராஜாக்களைவிட அந்தத் தராசுக்குத்தான் மரியாதை அதிகம்.

"உருக்கி இவளுக்குச் செய்யட்டும். பெட்டியில கெடந்து என்னத்துக்கு?" என்றாள் ஆச்சி.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பவனில் எனக்கு இரண்டு வளையல், மிச்சம் இரண்டு பவனில் ஒரு சங்கிலி என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். சங்கிலிக்கு என்ன பதக்கம் என்பதில்தான் அன்று முழுக்கக் குழப்பம்.

வயலில் அறுப்பு நேரமானதால் அப்பாவும் அம்மாவும் வர முடியவில்லை. ஆச்சியும் நானும் வண்டியில் கோட்டாற்றுக்குப் போனோம். ஆசாரியின் பட்டறை சின்ன அறை. நடுவில் கரி உலை, பக்கத்தில் துருத்தி. தரையில் விழும் பொன்தூள் வீணாகாதபடி மடியில் ஒரு தோலை விரித்து உட்கார்ந்திருந்தார் அவர். பழைய நகை உருக்குகிற இடத்தில் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் நான் இமைக்காமல் இருக்க முயன்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

காப்பைக் கறுப்பு உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்க முனை வைத்த தன் மாற்று ஊசியால் இன்னொரு கோடு போட்டு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மஞ்சள். "நல்ல தங்கமாக்கும்" என்றார். பிறகு தராசில் வைத்தார். நாலு பவன், துல்லியம். ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் ஆசாரி காப்பை நகத்தால் சுண்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். மறுபடியும் சுண்டினார். கணீரென்று கேட்கவில்லை.

"ஆச்சி, கொஞ்சம் கிட்ட வந்து இருங்க. இத உங்க கண்ணு முன்னாலதான் வெட்டணும்."

சிற்றுளியை வைத்துத் தட்டிப் பூட்டுவாய்ப் பக்கம் காப்பைத் திறந்தார். குறட்டில் பிடித்துத் தணலுக்கு மேலே காட்டினார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ பாகு மாதிரி ஒழுகிச் சாம்பலில் விழுந்து புகைந்தது. எனக்கு ஒரே வேடிக்கை. நகைக்குள் கருப்பட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அரக்கு. செங்கல்பொடி சேத்து அடச்சிருக்கு. மேல தகடுதான் தங்கம்" என்றார் ஆசாரி.

இரண்டாவது காப்பிலும் அதே பாகு. தகடுகளைச் சுட்டு, ஒட்டியிருந்ததைச் சுரண்டி, புளித்தண்ணீரில் கழுவித் துடைத்து மறுபடியும் நிறுத்தார். மொத்தமே இரண்டு பவன்தான், அதிலும் நாலு குந்துமணி குறைவு.

ஆறிப்போன அரக்குத் துண்டு ஒன்றை எடுத்து ஆச்சி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரியின் நெற்றி வேர்த்துவிட்டது.

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்திய? ஒங்க மருமக என்னையில்லா சந்தேகப்படுவா. நான் வேணும்னா வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

"வேண்டாம். உமக்குப் பழி வராது, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஆச்சி. பிறகு எங்கள் இருவரிடமும் இல்லாமல், "எனக்கு முன்னால மூணு அக்காமாரு. மூணு பேரயும் கெட்டிக் குடுத்த பொறவாக்கும் நான்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான் காரணம் என்று நினைத்தேன். எனக்கும் எரிந்தது.

தகடுகளை நறுக்கி, மூசை என்கிற மண்குடுவையில் போட்டு, ஒரு சிட்டிகை வெங்காரம் தூவிக் கரிக்குள் புதைத்தார் ஆசாரி. துருத்தி மூச்சுவிட, துண்டுகள் சிவந்தன, குழைந்தன, திடீரென்று ஒன்றாகத் திரண்டு ஒரே துளியாக உருண்டு மின்னின. எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் ஊற்றியதும் குபீரென்று சுவாலை எழுந்து அடங்கியது. ஆச்சியின் கல்யாணம் முழுவதும் என் விரல் நீளத்தில் ஒரு கட்டியாகக் கிடந்தது.

பெருவிரலை உள்ளங்கையில் மடக்கச் சொல்லி என் கையை நூலால் அளந்தார். வளருகிற கை என்று கொஞ்சம் தாராளம் விட்டார். கட்டியை அடிப்பது, இறுகினால் தீயில் காட்டி இளக்குவது, மறுபடி அடிப்பது, ஓட்டைகள் போட்ட எஃகுத் தகட்டில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டைக்குக் குறட்டால் இழுத்துக் கம்பியாக்குவது என்று வேலை நீண்டது. மூன்றாம் நாள் போனபோது கம்பியை வளைத்து, முனைகளில் பற்றுப்பொடி வைத்துக் குழலால் ஊதி ஒட்டி, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்து வைத்திருந்தார். ஈர்க்குப் பருமனில் இரண்டு வளையல். எனக்கு அவை போதும். திரும்பும் வழியெல்லாம் கையை ஆட்டி ஆட்டி ஓசை கேட்டேன்.

வண்டியில் ஆச்சி என் கையைப் பிடித்தாள். "மக்கா, அரக்கு உருகினத வீட்டுல சொல்லப்பிடாது. ஆச்சி என்ன சொன்னாலும் நீ பேசாம நிக்கணும். செரியா?"

வீட்டில் அம்மா வளையலைப் பார்த்தாள். ஆச்சியின் மடியைப் பார்த்தாள்.

"மிச்சம்?"

"கோயில் உண்டியல்ல போட்டுட்டேன். பழைய நேர்ச்சை ஒண்ணு பாக்கி."

"ரெண்டு பவனையா! ஒரு வார்த்த கேக்காண்டாமா அத்தை? மனசறிஞ்சா செஞ்சிய?"

"மனசறிஞ்சுதான் மக்களே."

அம்மா ஒரு வாரம் பேசவில்லை. கொட்டாரத்துக் கல்யாணத்தில் பேசினாள், எல்லோரிடமும். கேட்டவர்கள் அத்தனை பேரும் ஆச்சியின் பக்தியை மெச்சியதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அதற்குப் பிறகும் பல வருஷம், வீட்டில் எது குறைந்தாலும் அந்த உண்டியலில் வந்துதான் பேச்சு நிற்கும். ஆச்சி முறத்தில் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பொறுக்காமல், "நான் சொல்லிரட்டா ஆச்சி? உள்ள அரக்குதான் இருந்ததுன்னு?" என்று கேட்டேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஏட்டி, சொன்னா ஒங்க அம்மை என்னயா ஏசுவா?" என்றாள். "என்னய ஏசட்டும். நான் உசிரோட இருக்கேன், கேட்டுக்கிடுதேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆச்சி பொய் சொன்னாள், அதுவும் சாமி பேரில் சொன்னாள் என்பதுதான் என் கவலையெல்லாம். சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயந்துபோய், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது உண்டியலை ஒட்டி நின்று, யாருக்கும் கேட்காதபடி ஆச்சிக்காக மன்னிப்புக் கேட்டேன். பெரியவளானதும் அந்த இரண்டு பவனை நானே கொண்டுவந்து போடுவதாக வாக்கும் கொடுத்தேன். பக்கத்தில் ஆச்சியும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் யாருக்காகவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.