பதினைந்தாயிரம் வராது

"பென்ஷன் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க," என்றார் டேவிட்ராஜ். அரியலூர் தபால் ஆபீசில் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். ஓய்வூதியக் கணக்கில் முப்பது லட்சம் இருந்தது. அதில் பதினெட்டு லட்சத்தை மொத்தமாக எடுத்து, மகன் சாமுக்கு முந்திரி உடைக்கும் ஆலை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுபோக மாதம் பதினைந்தாயிரம் பென்ஷன் வரும் என்று நம்பியிருந்தார்.

"நீங்க முப்பது லட்சத்துக்கும் வருஷம் ஆறு சதவீதம் போட்டுட்டீங்க," என்றார் கிளார்க் முத்தமிழ்செல்வன். "எடுத்த பணத்துக்கு ஏதுங்க பென்ஷன்? மிச்சம் பன்னிரண்டு லட்சத்துக்கு மாசம் ஆறாயிரம்தான். அந்த ஆறு சதவீதமும் உத்தேசம்தான்."

"வூட்டுல மருந்துக்கே காணாதே! ஊரார் வட்டியெல்லாம் போட்டுக் கொடுத்தவன்யா நானு."

மறுநாள் காலை, ஆலைக்குப் பணம் எடுக்கப் போவதில்லை என்று மகனிடம் சொன்னார். சாம் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். டேவிட்ராஜ் ஆபீசுக்குப் போய், முப்பது லட்சத்தையும் பென்ஷனுக்கே விடுவதாக எழுதிக் கொடுத்தார்.