முகூர்த்த நாளில் வைத்த நேர்காணல்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் குறை கண்டவர் எவருமில்லை என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. நாள், மணி, இடம், முதலில் அரை மணி நேர வரைபடத் தேர்வு, பிறகு நேர்காணல், வாயிலில் யாரைக் கேட்க வேண்டும் என அனைத்தும் அதில் இருக்கும்.

வரைவாளர் பணிக்கு ஐவரை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அழைத்திருந்தேன். உற்பத்தி மேலாளரும் வடிவமைப்பு மேலாளரும் வருவார்கள் என்று நானே முடிவு செய்து, அவர்களைக் கேட்காமலே கடிதங்களைத் தபாலில் சேர்த்துவிட்டேன். புதன்கிழமை விஷயத்தைச் சொன்னதும் உற்பத்தி மேலாளர் சிரித்தார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை முகூர்த்தமுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போறோமுங்க. காலண்டரக்கூடப் பாக்கலீங்களா?"

நேர்காணலை அடுத்த புதனுக்குத் தள்ளி, ஐவருக்கும் தந்தி கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வாயிலில் பேச்சுக் குரல் கேட்டு எழுந்து போனேன். அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தந்தி போய்ச் சேருமுன்பே முதல் பேருந்தில் புறப்பட்டிருக்கிறாள்.

"இன்னிக்கு இன்டர்வியூ இல்லீங்க அம்மணி. புதன்கிழமை வாங்க" என்றார் காவலாளி.

அவள் நகரவில்லை. "பணியாளர் அதிகாரியக் கேக்கச் சொல்லிக் காயிதத்துல போட்டிருக்குதுங்க. அவரப் பாக்காமப் போகமாட்டனுங்க."

நான்தான் அவர் என்றேன். அவள் குரல் தாழ்ந்தது. "சார், அடுத்த வாரம் பொண்ணு பாக்க வாராங்க. இன்னிக்கு வெறுங்கையோட போனா, இன்னொருக்கா ஊட்ல உடமாட்டாங்க."

தவறு என்னுடையது. அவளிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே அழைத்து, வரைபடத் தேர்வுத் தாளைக் கொடுத்தேன். அவள் வரைந்துகொண்டிருக்கையில் கல்யாண மண்டபத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததில் எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அட, நீங்களே தப்பு செஞ்சுபோட்டேன்னு சொல்றீங்களா! அதுக்காகவே வாரேனுங்க. தாலி கட்டியாச்சு, பந்தி எங்கயும் ஓடிப்போகாது" என்றார் உற்பத்தி மேலாளர்.

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக இருவரும் வந்தார்கள். அவள் வரைந்த பம்பின் குறுக்குவெட்டுப் படத்தில் வடிவமைப்பு மேலாளர் ஓர் அளவைத் தவறென்றார். அவள் அளவுகோலை வைத்துக் காட்டினாள், தவறு அவருடையதுதான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். மதிப்பெண்களை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, என்னிடம் கொடுத்தார்கள். மற்ற நால்வரையும் பார்த்த பிறகே உறை பிரிக்கப்படும் என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன்.

"முடிவ எம் பேருக்கே பதிவுத் தபால்ல போடுங்க சார். நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கோணும்" என்றாள்.

புதன்கிழமை நால்வரையும் பார்த்து முடித்தபின் உறையைப் பிரித்தோம். பணி ஆணை மறுநாளே அவள் பெயருக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. அடுத்த வாரம், தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. அதில் அவள் கையெழுத்து இருந்தது.