மங்கலாய் அச்சான கழித்தல் குறி

எசினாம் ஒரு தொகையைச் சொன்னால் சொன்னதுதான். அக்ரா நகரத்து டெலிவரி கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுத வந்த நாளிலிருந்து அவள் எந்த எண்ணையும் திரும்பப் பெற்றதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பைக் ஓட்டும் பையன்கள் பெட்ரோல் ரசீதை அவள் மேசையில் வைத்துவிட்டு, வாத்தியார் முன் நிற்பதுபோல நிற்பார்கள். சிக்கனத்திலும் அவளை யாரும் மிஞ்ச முடியாது. அலுவலகப் பிரிண்டரை எப்போதும் மை குறைவாகச் செலவாகும்படி மாற்றி வைத்தவள் அவள்தான். எழுத்து மங்கலாக விழுகிறது என்று யாராவது முனகினால், "கண்ணாடி போடு" என்பாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளர்களின் போனுக்கு "உங்கள் பொருள் வந்துகொண்டிருக்கிறது" என்று செய்தி அனுப்பும் மென்பொருளுக்கு மாதா மாதம் பில் வரும். போன மாதம் வந்தது முந்நூற்று அறுபது டாலர். இந்த மாதம் எழுநூற்று முப்பது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. பழைய திட்டம் ஒரு வரியில் அறுபது. புதிய பெரிய திட்டம் ஒரு வரியில் நூற்றைம்பது, அடுத்த வரியில் அதே பெயரில் முந்நூறு. கீழே செய்திகளுக்கான கட்டணமும் இரண்டு முறை. அவள் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளி அமான்க்வாவின் அறைக்குள் போனாள்.

"சார், ஒரு கம்பெனிக்கு மூணு திட்டம் வாங்கியிருக்கான் செலோம். பழசையும் விடல. புதுசை ரெண்டு தடவை வாங்கியிருக்கான்."

செலோம் அங்கே கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவன். எசினாமின் ஊரான ஹோவிலிருந்து வந்தவன். அவனை வேலைக்குச் சேர்த்ததே அவள்தான் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆனாலும் அந்தப் பேச்சு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அவன் விஷயத்தில் மட்டும் அவள் கை சற்று ஓங்கியே விழும்.

அமான்க்வா அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். "சார், திட்டம் ஒண்ணுதான் சார், மாசத்து நடுவுல..." என்று அவன் ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. லேப்டாப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கீழே போய் உட்காரச் சொன்னார். பிறகு எசினாமிடம் திரும்பினார். "நான் குமாசிக்கு ஒரு சாவுக்குப் போகணும். கிளம்பறதுக்குள்ள அவனை அனுப்பற கடிதம் என் மேசைக்கு வரணும். எவ்வளவு நஷ்டம்னு அதுல எண்ணோட எழுது."

எண்ணோடு எழுது என்றதால்தான் அவள் கூட்டினாள். அறுபது, நூற்றைம்பது, முந்நூறு, செய்திகளுக்கு நூற்றெண்பது, நூற்றறுபது. எண்ணூற்றைம்பது வந்தது. பில்லின் அடியில் இருந்ததோ எழுநூற்று முப்பது. மறுபடி கூட்டினாள். அதே எண்ணூற்றைம்பது.

நூற்றிருபது இடித்தது. கணக்கு எழுதுகிற எவருக்கும் கை தானாகச் செய்கிற ஒரு வேலை உண்டு. இடிக்கிற தொகையைப் பாதியாக்கிப் பார்ப்பது. அந்தப் பாதி எங்காவது நின்றால், கழிக்க வேண்டியதை யாரோ கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நூற்றிருபதில் பாதி அறுபது. அறுபது முதல் வரியிலேயே நின்றது.

பில்லை மறுபடி பார்க்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்; அதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு ஆள் ஓடினான். பக்கத்து அறையில் முதலாளி கறுப்பு இழவுத் துணியைத் தோளில் சரிசெய்துகொண்டு, "எசினாம், கடிதம் என்னாச்சு?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் சார்!"

போனில் அதே பில்லைத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். அறுபதுக்கு முன்னால் மெலிதான சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. கழித்தல் குறி. ஒவ்வொரு வரிக்கும் கீழே அதே சாம்பல் நிறத்தில் தேதிகள். அவளுடைய சிக்கனப் பிரிண்டர் அவ்வளவையும் விழுங்கியிருந்தது.

தேதிகளோடு படித்தபோது பில் வேறு கதை சொன்னது. ஏப்ரலுக்கான பழைய திட்டத்துக்கு முன்பணமாக நூற்றிருபது கட்டியிருந்தார்கள். பதினாறாம் தேதி செலோம் திட்டத்தை மாற்றினான். அனுபவிக்காத பாதி மாதத்துக்கு அறுபதை மென்பொருள்காரர்கள் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். புதிய திட்டத்தில் ஓடிய பாதி மாதத்துக்கு நூற்றைம்பது. முந்நூறு என்பது மே மாதத்துக்கான முன்பணம். செய்திக் கட்டணம் மட்டும் அனுப்பி முடித்த பிறகு வருவது. அதனால் ஏப்ரலின் முதல் பாதி ஒரு வரி, பின் பாதி ஒரு வரி. முதல் பாதியில் ஒன்பதாயிரம் செய்தி, தலா இரண்டு சென்ட். பின் பாதியில் பதினாறாயிரம், தலா ஒரு சென்ட். ஒன்றுமே இரண்டு முறை இல்லை.

செய்தி ஏன் கூடியது என்று அவளுக்கே தெரியும். ஏப்ரல் நடுவில்தான் ஒரு பெரிய மருந்துக்கடையின் டெலிவரி முழுக்க இவர்களுக்குக் கிடைத்தது. அன்று கேக் வெட்டியதே அவள்தான். பழைய திட்டத்திலேயே இருந்திருந்தால் அந்தப் பதினாறாயிரத்துக்கு நூற்றறுபது டாலர் கூடப் போயிருக்கும். திட்டம் மாற்றியதில் கூடிய செலவோ தொண்ணூறுதான். பாவிப் பையன் எழுபது டாலர் மிச்சம் பிடித்திருக்கிறான். அவனை வெளியே அனுப்பத்தான் இவள் கடிதம் அடிக்க உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கணம், வெட்கமில்லாமல், வேறொன்றும் தோன்றியது அவளுக்கு. கடிதம் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பே காறித் துப்பத் தோன்றும்படி இருந்தது. எழுந்து போனாள்.

"சார், கடிதம் எழுதல. தப்பு என்னோடது." போனைக் காட்டி வரி வரியாகச் சொன்னாள்.

அமான்க்வா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காலைல இதே வாய்தானே மூணு திட்டம்னு சொல்லுச்சு?"

"ஆமா சார்."

"அப்ப கடிதத்துல பேரை மட்டும் மாத்திடலாமா?"

"உங்க இஷ்டம் சார். ஆனா அவனை இப்பவே மேல கூப்பிடுங்க."

அவர் வாசலில் ஹாரன் அடித்த காரைப் பார்த்தார். லேப்டாப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "நீயே கொண்டு போய்க் குடு. அதான் உனக்குத் தண்டனை. அந்தப் பிரிண்டரையும் சரி பண்ணு." துணியை வாரிக்கொண்டு இறங்கிப் போனார்.

கீழே பைக்குகளுக்கு நடுவில், வேப்பமர நிழலில் செலோம் உட்கார்ந்திருந்தான். மதியத்துக்கு வாங்கி வைத்த வாச்சே, அந்தப் பயறுச் சோற்றுப் பொட்டலம், பிரிக்காமல் மடியில் கிடந்தது. எசினாம் லேப்டாப்பை நீட்டினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கழித்தல் குறியைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அது போய்விட்டது.

"அக்கா, உங்க மேசைக்கும் என் மேசைக்கும் நடுவுல ஒரு ஃபேன்தானே இருக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட வந்து குசுகுசுன்னு பேசினா, ஊர்க்காரனை நான் காப்பாத்தறேன்னு சொல்வாங்க. அதான் கேக்கல."

"நான் வேற ஊர்க்காரனா இருந்திருந்தா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்குமேல் அவளிடம் தெம்பில்லை.

"கேட்டிருப்பேன்" என்றாள்.

செலோம் தலையாட்டினான். பொட்டலத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினான். ஜெனரேட்டர் இரைய ஆரம்பித்திருந்தது. எசினாம் அவன் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள்.