லீவு தரவில்லை என்று நான் சொன்னது

பாப்பா, தம்பி, இதை நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். நம் வீட்டில் என் முதலாளி பேச்சு வந்தாலே உங்களுக்கு முகம் மாறிவிடுகிறது. "பொண்ணை ஹாஸ்டல்ல விடப் போறதுக்குக்கூட லீவு குடுக்காத ஆளு" என்று போன பொங்கலுக்குக்கூடச் சொன்னீர்கள். நான் தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுக்கு நான்தான் காரணம். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குப் பாதிதான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங், ஆயில் சீல் விற்கிற கடை. மோட்டாரில் எண்ணெய் வெளியே கசியாமல் பிடித்து நிறுத்துகிற ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். மெக்கானிக் தேய்ந்துபோன பழசைக் கொண்டுவந்து கவுண்டரில் போடுவார். அதன் மேல் இருந்த நம்பர் அழிந்திருக்கும். நான் அளந்து பார்த்து, உள்ளே போய், அதே அளவில் புதுசு எடுத்து வருவேன். பில் போடுகிற அம்மா கம்ப்யூட்டரில் அளவைத் தட்டுவார். எத்தனை இருக்கிறது என்று அது சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

எப்படி என்றால், சரக்கு வந்த டப்பா கிழிந்தால் கையில் கிடைத்த காலி டப்பாவில் மாற்றிப் போடுவேன். மேலே ஒரு அளவு அச்சடித்திருக்கும், உள்ளே வேறு அளவு இருக்கும். முதலில் அவசரத்துக்குத்தான் அப்படிச் செய்தேன். பிறகு வேண்டுமென்றே செய்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்னால் ஒரு கடையில் எல்லா டப்பாவிலும் அழகாக எழுதி ஒட்டி வைத்தேன். ஆறே மாசத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேறொருத்தரை வேலைக்கு வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். தம்பி, நீ அப்போது கைக்குழந்தை. அதற்கப்புறம் நான் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

பாப்பாவுக்குத் திருநெல்வேலியில் சீட் கிடைத்தது. திங்கட்கிழமை ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். நாலு பேருக்கும் பஸ் டிக்கெட் போட்டுவிட்டு, வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் போய் நின்றேன்.

"திங்கள், செவ்வாய் லீவு வேணும் சார். பொண்ணைக் காலேஜ்ல விடணும்."

"போய்ட்டு வாய்யா. இதுக்கு இன்னாத்துக்கு இப்டி கையைப் பெசையுறே?" என்றார். அப்புறம் உள்ளே ரேக்குகளைப் பார்த்தார். "ஆனா நீ போய்ட்டா இந்தக் காட்டுக்குள்ள யாரு போறது? நானா? வழி தெரியாம நான் அங்கியே கெடந்தா நீதான் வந்து தேடணும்."

பில் போடும் அம்மா சிரித்துவிட்டார்.

முதலாளி யோசித்தார். "ஒண்ணு பண்ணு. இன்னிக்கும் நாளைக்கும் நாளான்னிக்கும் மூணு நாள் கீது. கூட்டம் இல்லாதப்போ நீ டப்பாவைத் தெறந்து அளவு சொல்லு, அம்மா எந்த ரேக்கு, எந்தத் தட்டுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திக்கட்டும். ரெண்டு நாளைக்கு அவங்க சமாளிச்சுப்பாங்க. லெட்டர் எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆமாம். லீவு கிடைத்துவிட்டது. அன்றைக்கே கிடைத்துவிட்டது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் முதல் ரேக்கில் ஆரம்பித்தோம். நான் டப்பாவைத் திறந்து சொல்ல, ஐயப்பன்தாங்கலில் இருந்து தினம் ரெண்டு பஸ் மாறி வருகிற அந்த அம்மா மடமடவென்று தட்டினார்.

"இன்னாண்ணே இது, மேல ஒண்ணு போட்டுகீது, உள்ள ஒண்ணு கீது! பத்து வருசமா எப்பிடிண்ணே எடுத்துக்கினு கீறீங்க?"

"பழக்கம்தாம்மா."

"நல்ல பழக்கம் போங்க. இனிமே நானே எடுத்துருவேன். நீங்க ஜாலியா ஊருக்குப் போய் உக்காந்துக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பழைய கடை ஞாபகம் வந்துவிட்டது. எட்டாவது டப்பாவோ ஒன்பதாவதோ, கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "கஸ்டமர் வர்ற நேரம்மா, அப்புறம் பாப்போம்" என்றேன். வெள்ளிக்கிழமை லோடு வந்திருக்கிறது என்றேன். சனிக்கிழமை வந்த ஒவ்வொரு மெக்கானிக்கையும் தேவைக்கு மேல் நிறுத்தி வைத்துப் பேசினேன்.

சனிக்கிழமை சாயந்திரம் முதலாளி கேட்டார். "முடிஞ்சுதாய்யா?"

"இல்ல சார். ஒரு ரேக்குகூட ஆவல."

"அப்ப எப்பிடிப் போவே?"

"போவல சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "உன்னை யாரும் தூக்கப் போறதில்லய்யா" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முந்தின கடையிலும் இதையேதான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "லீவு தரல" என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா முதலாளியைத் திட்டினாள். பாப்பா, நீ மட்டும் "பரவால்லப்பா, அம்மா வர்றாங்கல்ல" என்று சொல்லிவிட்டு பக்கெட்டையும் மக்கையும் கட்டிக்கொண்டிருந்தாய். நீ கோபப்பட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வானகரத்தில் உங்களை பஸ் ஏற்றிவிட்டேன். கிளீனர் லிஸ்டைப் பார்த்து, "நாலு பேரு சார், ஏறுங்க, டைம் ஆவுது" என்றார். "நான் வரலப்பா" என்றேன். "அப்போ சீட்டு காலியாத்தான் போவும்" என்றார். தம்பி, நீ ஜன்னல் வழியாகக் கையாட்டினாய். பாப்பா, நீ இருந்த பக்கம் எனக்குத் தெரியவில்லை. பஸ் பைபாஸில் சேரும் வரைக்கும் அங்கேயே நின்றேன். கோவில்பதாகை வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது, உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உங்களில் யாரோ நிறுத்த மறந்திருக்கிறீர்கள். நான் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை கடையில் கூட்டமே இல்லை. காலை முழுக்க மூன்று பேர். அதில் ரெண்டு பேர் கேட்டதை அந்த அம்மா தானே போய் எடுத்து வந்தார். முதல் ரேக்கில் நான் சொல்லிக் கொடுத்தவை. மூன்றாவதாக வந்தவர் நம் வாடிக்கை மெக்கானிக். "இன்னா அண்ணாத்தே, ஊருக்குப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தே, உன்னை விட்டா கடை இடிஞ்சு வுழுந்துருமா?" என்றார். சிரித்தேன்.

ஒரு மணிக்கு திருநெல்வேலியில் இருந்து உங்கள் அம்மா போன் செய்தாள். "உள்ள உட்டாச்சுங்க. கேட்டைத் தாண்டி எங்களை விடல. வார்டன் அப்பா வரலியான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"லீவு கெடைக்கலன்னேன். வேற இன்னா சொல்றது?"

பாப்பா என்ன சொன்னாள் என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாயாம். எந்தப் பக்கம் பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை.

முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அந்த அம்மா தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். கடையில் நான் மட்டும். ரெண்டாவது ரேக்கில் மேல் தட்டில் முதல் டப்பாவை இறக்கி, உள்ளே இருந்த சீலில் ஒன்றை அளந்து, டப்பா மேல் அச்சடித்திருந்த அளவை மார்க்கர் பேனாவால் அடித்தேன். பக்கத்தில் சரியான அளவைப் பெரிதாக எழுதினேன். மை காயும் வரை ஊதிவிட்டு, எடுத்த இடத்திலேயே, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன்.