சட்டத்துக்காகத் தீர்ப்பு எழுதிய சுருக்கம்

அந்த டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனான அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. முதுகுக்குப் பின்னால் ‘தீர்ப்பு’ என்பார்கள். அது பாராட்டு இல்லை. யார் லீவு எடுத்துத் திரும்பினாலும், அவர் தவறவிட்ட குரூப் அரட்டை முழுவதையும் படித்து, ‘முடிவானது’, ‘முடிவாகாதது’ என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் போடுவது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, ஒருமுறை செய்தாள், தலையில் கட்டிவிட்டார்கள்.

அவள் எழுதுவதில் ஒரு மோசமான நேர்மை இருந்தது. யார் சொன்னார், யார் மறுத்தார், யார் ‘பார்க்கலாம்’ என்று நழுவினார் எல்லாம் வரும். நழுவினவர்களுக்கு அவளைப் பிடிக்குமா? தேநீர் இடைவேளையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நின்ற பேச்சை நினைத்து ஆற அமர டீ குடிப்பாள்.

அவளுக்கு ஜன்ம விரோதி ஒருவர் உண்டு. மூத்த டெக்னீஷியன், பட்டப்பெயர் ‘சட்டம்’. ஒருநாள் அவள் பார்த்துக்கொண்டிருந்த மெஷினில் ரத்தக் குழாயின் கிளிப் சரியாக மூடாமல் அலாரம் அடித்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டம் அதை எழுதி மேலே அனுப்பிவிட்டார். ஒரு வாரம் அவளை வீட்டில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டே நர்ஸ் மூலம் பேசுவார்கள். “அந்தம்மாகிட்ட சொல்லுங்க, மூணாவது மெஷின் கூப்பிடுதுன்னு.” “அவருகிட்ட சொல்லுங்க, எனக்கும் காது இருக்குன்னு.” நடுவில் படுத்திருக்கும் நோயாளிக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

அந்தச் சட்டம்தான் குடலிறக்க ஆபரேஷனுக்காக லீவில் போனார். திரும்பி வருவதற்கு முந்தின நாள் குரூப்பில் எழுதினார்: “படுக்கையில இருந்ததால ஒண்ணும் படிக்கல. நாளைக்கு டியூட்டி. என்ன முடிவாச்சு, யாராவது சொல்லுங்க.”

பிரிவின் இன்சார்ஜ் உடனே அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அன்று அதிகமான சிரிப்பு.

“நீதாம்மா எழுதணும். சுருக்கமா எழுது. தனியறை டியூட்டி இனிமே அவருக்குன்னு முடிவாச்சில்ல, அத முதல் வரியில போட்டுடு.”

தனியறை என்றால் பிரிவின் கோடியில் கதவு மூடிய சின்ன அறை. ரத்தத்தில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கு அங்கே தனி மெஷின். அங்கே வேலை பார்க்கத் தடுப்பூசி போட்டிருந்தால் மட்டும் போதாது. ஊசி போட்டும் சிலர் உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டாவதில்லை. அது உண்டாகியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் இருவர்தான். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மிச்சம் தீர்ப்பு. நாள் முழுக்க மேலங்கி, கையுறை, முகக்கவசம். தாகம் எடுத்தால்கூட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெளியே வரவேண்டும். மாற்று ஆள் கேட்டு மாதக்கணக்கில் அவள் இன்சார்ஜிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சட்டத்துக்கு இரண்டாம் சுற்று ஊசி போட்டு ரத்தமும் எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

“உனக்காகத்தானே பண்ணேன்” என்றார் இன்சார்ஜ். “அதுவும் அந்த ஆளுக்கு. உனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்காது?”

இருந்தது. பொய் சொல்வானேன்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தபோது, சட்டம் அந்த மேலங்கிக்குள் வியர்த்துக் கொட்டுவதை நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

எல்லோரும் அரட்டையைக் கடைசியிலிருந்து மேலே தள்ளிப் படிப்பார்கள். அவள் முதல் செய்திக்குப் போய்விட்டுத்தான் கீழே இறங்குவாள். பிறந்தநாள் கேக், யாரோ தொலைத்த குடை, அதற்கு நாற்பது சிரிப்புப் பொம்மைகள். நடுவில் உருப்படியாக ஒன்றிரண்டு. தண்ணீரில் குளோரின் சோதனை இனி ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால்: எல்லோரும் பதில் சொல்லியிருந்தார்கள், முடிவானது. ஷிஃப்ட் நேர மாற்றம்: முடிவானது. கிழிந்த நாற்காலி: ‘பார்க்கலாம்’, ஆகவே முடிவாகாதது.

பிறகு இன்சார்ஜின் செய்தி வந்தது: “தனியறைக்கு இனி அவரே போகட்டும். சம்மதமா?” அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல்கள். அவளுடையதும் இருந்தது. செய்தியின் ஓரத்தில் சின்னதாக ‘திருத்தப்பட்டது’ என்று ஒரு சொல்.

சற்றுக் கீழே புது நர்ஸ் அதே செய்தியை மேற்கோள் காட்டி, “சரி சார்” என்று பதில் போட்டிருந்தாள். மேற்கோளில் பழைய வாசகம் அப்படியே இருந்தது: “ரிப்போர்ட் நல்லா வந்ததும் தனியறைக்கு இனி அவரே போகட்டும். சம்மதமா?”

அவளுக்குக் காது சூடானது. கட்டைவிரல்கள் விழுந்தபின் மனுஷன் முதல் மூன்று சொல்லை வெட்டிவிட்டார். விரல்கள் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. தான் சம்மதித்தது ஒன்று, தன் சம்மதம் நிற்பது இன்னொன்றின்கீழ். சட்டத்தின்மீது இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் தன் விரலை எடுத்து இன்சார்ஜ் வேறு ஒருவர் கண்ணில் குத்துவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள். திரும்பி நடந்துகொண்டே எழுதினாள். சட்டத்துக்குத் தனியாக அனுப்பவில்லை, குரூப்பிலேயே போட்டாள். குளோரின் சோதனை, ஷிஃப்ட் நேரம் ஏழரை என்று முடிவானதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்:

“முடிவாகாதது: தனியறை டியூட்டி. ரிப்போர்ட் நல்லா வந்தால் அவர் போகலாம் என்பதற்கே எல்லோரும் சம்மதித்தோம். அந்த நிபந்தனை பிறகு நீக்கப்பட்டது. புது நர்ஸின் பதிலைப் பார்க்கவும். நீக்கியபின் யாரும் சம்மதம் சொல்லவில்லை, நான் உட்பட. கேள்விகள்: ரிப்போர்ட் எப்போது வரும்? அதுவரை யார்? பதில் சொல்ல வேண்டியவர்: இன்சார்ஜ்.”

போன் உடனே அடித்தது. இன்சார்ஜ்.

“அதுவரை யாருன்னு கேட்டிருக்கியே, உனக்கு மூளை இருக்கா? உன்னை விட்டா யாரு இருக்கா? நீயே போய்ச் சாவு!”

“அத குரூப்ல எழுதுங்க சார். அப்பதான் முடிவானதுல போட முடியும்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தனியறையில் மெஷினுக்குக் குழாய் மாட்டி உப்புநீர் ஓட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே சட்டத்தின் குரல் கேட்டது. நன்றி என்று ஏதாவது உளறிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

“அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்றார் நர்ஸிடம், “முடிவானதுல ஷிஃப்ட் நேரம் தப்பு. ஏழரை இல்ல, ஏழு.”

அவர் சொன்னது சரிதான். அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. வேலை முடிந்து கையுறையைக் கழற்றியதும், பழைய செய்தியைத் தொடாமல், கீழே புதிதாக ‘பிழை: ஏழு மணி’ என்று எழுதினாள்.

அந்த வாரமே ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் சுற்று ஊசிக்குப் பிறகும் சட்டத்தின் உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை. இன்சார்ஜ் அதை மேசைமேல் வீசிவிட்டு எழுந்து போனார்.  டீ அறையில் அவளைக் கண்டதும் வழக்கம்போல் பேச்சு நின்றது.

அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள்: “முடிவானது: தனியறை டியூட்டி. என்னுடையது.”

எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.  பிறகு அதன்கீழ் ஒரே ஒரு கட்டைவிரல் வந்து ஒட்டியது. சட்டத்துடையது.

அவள் அதை முறைத்துப் பார்த்தாள். “அவருகிட்ட சொல்லுங்க, ரொம்பத்தான் சந்தோஷம் போலன்னு” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மேலங்கியை எடுக்கப் போனாள்.