பட்டுச் சட்டையும் பிளீச்சிங் பவுடரும்

எங்கள் சலவைக் கடை கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது. நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து நடத்துகிறோம். அழுக்கைக் கண்டு நான் சலித்துக்கொண்டதில்லை. அதைப் போக்கும் வழி தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிக்கொண்டே படியேறி வருகிறவர்களிடம்தான் என் பொறுமை கரைந்திருக்கிறது.

கடையில் இரண்டு வகை வெளுப்பான்கள் வைத்திருக்கிறோம். ஒன்று குளோரின். வெள்ளைப் பருத்தியில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி இரத்தத்தை இறக்கிவிட்டு, பிறகு நீர்த்த குளோரினில் சிறிது நேரம் ஊறவைத்து நன்றாக அலசினால் வெண்மை திரும்பிவிடும். ஆனால் சாயம் போட்ட துணியில் அது சாயத்தையே தின்றுவிடும். பட்டையும் கம்பளியையும் மஞ்சளாக்கி இற்றுப்போகச் செய்யும். மற்றொன்று ஆக்சிஜன் பிளீச். வெள்ளைத் தூள்தான், சூடான தண்ணீரில் கரைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேநீர், குழம்பு, பழச்சாறு போன்ற கறைகளை மெல்லக் கழற்றும். நல்ல சாயமாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. என் ஓரகத்திக்கு இந்த இரண்டாவது தூள்மீது துளியும் மரியாதை கிடையாது.

"இன்னாக்கா, தூங்குமூஞ்சி மருந்து. அது கண்ணத் தொறக்கறதுக்குள்ள நான் நாலு மூட்டையத் தொவச்சிருவேன்" என்பாள்.

அன்று காலை மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், ஈரம் சொட்டும் மூட்டையோடு கடைக்குள் வந்தார். பின்னால் அவருடைய அண்ணனும், தலையைத் தொங்கப்போட்டபடி அவருடைய மகனும். மறுநாளைக்கு அடுத்த நாள் காலையில் மகனுக்குத் திருமணம். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்க் கோயில் ஒன்றில் முகூர்த்தம். மூட்டையை அவிழ்த்ததும் அந்த அம்மாள் அழுதேவிட்டார்.

மணப்பெண்ணின் அப்பா தம் கையாலேயே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த உடுப்பு அது: பச்சைக் கரை போட்ட பருத்தி வேட்டி, அதே கரையில் ஒரு துண்டு, வெளிர்ச் சந்தன நிறத்தில் பட்டுச் சட்டை. முகூர்த்தத்தில் மாப்பிள்ளையை இந்த உடுப்பில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தட்டு வரிசையில் ஏதோ ஒன்று குறைந்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். அந்த மனத்தாங்கல் ஆறியது போன வாரம்தான். இதற்கிடையில் இந்தப் பிள்ளை அழகு காட்ட ஆசைப்பட்டு, முகூர்த்தத்துக்கு வைத்திருந்த உடுப்பை அப்படியே போட்டுக்கொண்டு ஊர் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் தெருவில் இறங்கியிருக்கிறான். மஞ்சள் நீர் விளையாட்டு நடக்கும் நாள். மாமன் மகள்களும் அத்தை மகள்களும் புது மாப்பிள்ளையைச் சும்மா விடுவார்களா? குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்கள்.

"அதோட வுட்டுதா? நான் சோப்புப் போட்டு ரெண்டு கசக்குக் கசக்கினேன். ரத்தமா ஆயிடுச்சுங்க!" என்றார் அந்த அம்மாள்.

சட்டையின் தோளும் இடது கையும் செங்காவி நிறத்தில் இருந்தன. மஞ்சள் அப்படித்தான், சோப்பின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். கறை கெட்டியானதாகப் பொருளில்லை, நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அண்ணன்காரர் அதை ஏற்கவில்லை. அவர் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர். ஊர் குடிக்கும் தண்ணீரைத் தம் கையால் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு சட்டை எம்மாத்திரம்?

"எதுக்கும்மா இந்தப் பேச்சு? தொட்டியில பாசி புடிச்சா இன்னா பண்றோம்? பிளீச்சிங் பவுடர்தான். எல்லாத்தையும் ஒரே பக்கெட்டுல போட்டு முக்கு. பளிச்சுனு வரும்."

"தொட்டி சிமெண்டுங்க. இது பட்டு" என்றேன்.

"மாமா, கொஞ்சம் சும்மா இரு" என்றான் மணமகன்.

"நீ வாய மூடு. உன்னாலதான் இவ்ளோ கூத்து."

நான் துணிகளைப் பிரித்தேன். உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பனியனும் மூட்டையில் இருந்தது; அது முழுப் பருத்தி, அதற்குக் குளோரின் போதும் என்று ஓரகத்தியிடம் தந்தேன். அவள் முகம் மலர்ந்தது. வேட்டிக்கும் துண்டுக்கும் பச்சைக் கரை இருப்பதால் ஆக்சிஜன் பிளீச். பட்டுச் சட்டைக்கு இவை இரண்டுமே ஆகாது. குளோரின் இழையை அரிக்கும், ஆக்சிஜன் தூளின் காரமும் பட்டின் பளபளப்பைக் கெடுக்கும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து நனைத்து, மென்மையான சோப்பால் கழுவி, மிச்சம் இருந்தால் மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் மேலும் தண்ணீர் கலந்து, முதலில் உள்மடிப்பில் ஒத்திப் பார்த்துவிட்டுத்தான் கறைமீது வைக்க வேண்டும். கொஞ்சம் வெளிறல் நின்றாலும் நிற்கும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன்காரர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

வினிகர்த் தண்ணீரில் சட்டையை இறக்கியதும் சிவப்பு கலைந்து மஞ்சள் ஆனது. அந்த அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆமா, செவப்பா இருந்தத மஞ்சளாக்கிட்டாங்க. இதுக்கு அந்தப் பொண்ணுங்க ஊத்துனதே போதுமே" என்றார் அண்ணன்காரர்.

வேட்டியின் கரையில் ஒரு துளித் தூள்கரைசலை வைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தேன். பச்சை ஒட்டவில்லை. சுடுதண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். ஓரகத்தி வாசலில் யாருக்கோ இஸ்திரி மூட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைப்பதற்குள் ஒரு நெடி வந்து தொண்டையைப் பிடித்தது.

அண்ணன்காரர் தம் சட்டைப் பையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடுதான் வந்திருக்கிறார். தொட்டிக்குப் போடும்போதுகூடப் பவுடரைத் தனியாகக் கரைத்து, அடிக்கசடை நீக்கித் தெளிந்த நீரைத்தான் ஊற்றுவார்களாம். இங்கே அந்தப் பொறுமையும் இல்லை. பட்டு ஊறிக்கொண்டிருந்த வினிகர்த் தண்ணீரில் அப்படியே கொட்டியிருக்கிறார். பிளீச்சிங் பவுடரும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

"எல்லாரும் வெளிய போங்க! வெளிய!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன். அந்த அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் நின்றேன். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. அண்ணன்காரர் எல்லோருக்கும் முன்னால் வெளியே நின்றிருந்தார்.

"பவுடரு நல்லா வேலை செய்யுது" என்றார்.

என் ஓரகத்தி திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்குக் குளோரின்மீது பக்தி உண்டு. அதனால்தான் கோபமும் பெரிதாக வந்தது. "யோவ், அதுல இன்னா ஊறிக்கினு இருக்குதுன்னு கேட்டியா? நானே அக்காவக் கேக்காம அதத் தொட மாட்டேன்!"

காற்று ஓடட்டும் என்று கதவுகளைத் திறந்துபோட்டு நெடுநேரம் வெளியிலேயே நின்றோம். பிறகு வாளியைப் பின்கட்டு முற்றத்துக்கு எடுத்துப்போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நிறையத் தண்ணீர் விட்டோம். சட்டையைத் தூக்கினேன். கரையாத பவுடர் படிந்திருந்த இடது கை பழந்தாள்போல் மஞ்சளித்திருந்தது. தோள் தையலுக்குக் கீழே விரல் பட்டதும், பிழிவதற்கு முன்பே, இழை விட்டுப் பிரிந்தது. பருத்தியாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும். பட்டும் நம் தலைமுடியைப் போலப் புரத இழைதான். குளோரின் அதைக் கரைத்துவிடும்.

அந்த அம்மாள் அழவில்லை. அதுதான் என்னை வருத்தியது. வாசற்படியில் உட்கார்ந்து, பிரிந்த சட்டைக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "சம்மந்தி மொகத்துல எப்பிடி முழிப்பேன்? வாங்கிக் குடுத்தத மதிக்கலன்னு சொல்லுவாரே. அண்ணே, உன்ன யாரு கேட்டா?"

அவர் அண்ணன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், சட்டை தரமில்லையாம்.

எனக்குக் கத்தத் தோன்றியது. அதற்குப் பதிலாக வேட்டியையும் துண்டையும் ஆக்சிஜன் பிளீச்சில் முக்கிவைத்து, வாளியின்மேல் மூடிபோட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஆறியதும் மறுபடி சூடாகக் கலந்தேன். அண்ணன்காரர் இருமுறை எட்டிப்பார்த்து, "ஒரு சிட்டிகை போட்டாத்தான் சீக்கிரம்" என்றார். ஓரகத்தி விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டாமலே நின்றாள். மாலையில் மஞ்சள் மங்கியிருந்தது, முழுதாகப் போகவில்லை. திரும்பவும் ஊறவைத்தோம். மறுநாள் ஈரத்தோடு வெயிலில் விரித்ததும் மிச்சமிருந்த மஞ்சளும் வெளிறிப் போயிற்று. பச்சைக் கரை அப்படியே நின்றது.

வேட்டியை வாங்க வந்தபோது மணமகன்தான் சொன்னான்: "கோயில்லதானம்மா தாலி கட்டுறோம். வேட்டியும் துண்டும் போதும். சட்டை எதுக்கு?"

"ஆமா, உன் நெஞ்செலும்ப ஊரே எண்ணிப் பாக்கட்டும்" என்றார் அவன் அம்மா. ஆனாலும் முதல்முறையாகச் சிரித்தார். வேட்டியை என் கையிலிருந்து வாங்கும்போது என் விரல்களைச் சற்றுநேரம் விடாமல் பிடித்திருந்தார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். சில நாட்கள் கழித்து, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். தாம்தான் அந்தப் பெண்ணின் அப்பா என்றார்.

"மாப்ள கோயிலுக்கு வெறும் ஒடம்போட, நான் குடுத்த துண்ட மட்டும் போட்டுக்கினு வந்தாரு. இந்தக் காலத்துல யாருங்க அப்பிடி வராங்க? எனக்கு மனசே நெறஞ்சிடுச்சு. சட்டைய அடுத்த விசேஷத்துக்குப் பத்திரமா வச்சிருக்காங்களாம்."

என் ஓரகத்தி சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சொன்ன பொய்யைக் கலைக்க எனக்கு உரிமையில்லை.

அவர் பையிலிருந்து தம் மனைவியின் பட்டுப்புடவையை எடுத்தார். ஆரத்தித் தட்டு சரிந்து முந்தானை முழுக்கச் சிவப்பு.

"மாப்ளயோட மாமா பந்தியில சொன்னாரு, வேட்டியில இருந்த மஞ்சக் கறையெல்லாம் பிளீச்சிங் பவுடர்லதான் போச்சாமே. இதயும் அதுல போட்டுக் குடுங்க."

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க ஐயா" என்றேன். "வேட்டி பருத்திங்க. அதுக்குப் போட்டதும் அந்தப் பவுடர் இல்ல."

"அப்போ அவரு பொய்யா சொன்னாரு?"

"இது பட்டுங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.